குழுவை விட்டுப் போன பிறகு எது மிஞ்சுகிறது?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஆவடி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். கணினி எனது பாடம் அல்ல. ஆனால் நம் எல்லோரையும் போல நானும் வகுப்புக்கு ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒன்று, பாட ஆசிரியர்களுக்கு ஒன்று என்று நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். இரண்டில் நான்தான் நிர்வாகி. இன்று அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். ஒருவர் குழுவை விட்டுப் போகிறார், அல்லது நாம் அவரை நீக்குகிறோம். அதுவரை அங்கே நடந்த பேச்சு, போட்ட படம், அனுப்பிய மதிப்பெண் பட்டியல் எல்லாம் என்ன ஆகின்றன? அவற்றை யார் வைத்திருக்கிறார்கள்?

நம் பகுதிக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கின்றன. வேலை மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் பள்ளி மாறும். இந்த ஆண்டு அம்பத்தூர், அடுத்த ஆண்டு ஆவடி, அதற்கடுத்து பூவிருந்தவல்லி என்று மூன்று பள்ளி பார்த்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. ஒவ்வொரு மாற்றுச் சான்றிதழோடும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு வெளியேற்றமும் நடக்கிறது.

காகிதத்தில் இந்தக் கேள்விக்கு நமக்கு விடை தெரியும். பிள்ளை போனால் வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்கிறோம். சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் அந்த வரி அப்படியே இருக்கும். விலகிய தேதியும் காரணமும் மட்டும் சேரும். அந்தப் பதிவேடு தலைமை ஆசிரியர் பொறுப்பில், பள்ளி அலமாரியில் இருக்கிறது. யாரிடம் இருக்கிறது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதெல்லாம் தெளிவு. எமிஸிலும் அப்படித்தான். பிள்ளையின் எண் ஒன்றே. நாம் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. பதிவு ஒன்று, அது இருக்கும் இடமும் ஒன்று.

வாட்ஸ்அப் குழுவையும் இப்படி ஓர் அலமாரி என்றுதான் பலர் நினைக்கிறோம். நிர்வாகி கையில் சாவி இருப்பதாகவும், ஒருவரை வெளியே அனுப்பிவிட்டால் அலமாரி அவருக்குப் பூட்டப்பட்டுவிடும் என்றும் எண்ணுகிறோம். அது அப்படி வேலை செய்வதில்லை.

வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். நான் கரும்பலகையில் எழுதுகிறேன். நாற்பது பிள்ளைகளும் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எல்லோரும் எழுதியதும் பலகையை அழித்துவிடுகிறேன். இப்போது பாடம் எங்கே இருக்கிறது? நாற்பது நோட்டில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழு இதுதான். நாம் அனுப்பும் செய்தி அந்த நிறுவனத்தின் கணினி வழியாகப் போகிறது. உறுப்பினரின் போனில் சேர்ந்ததும் அங்கிருந்து அழிக்கப்படுகிறது. ஒருவர் போனை அணைத்து வைத்திருந்தால் அவருக்காக 30 நாள் வரை காத்திருக்கும். அதற்குள் அவர் போனைத் திறக்காவிட்டால் நீக்கப்படும். வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் போகிறது. ஆகவே குழுவின் பழைய பேச்சு என்று ஓரிடத்தில் எதுவும் இல்லை. உறுப்பினர் எத்தனை பேரோ அத்தனை நோட்டுகள்.

இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு பிள்ளை வகுப்பை விட்டுப் போகிறது என்றால் தன் நோட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். அதுவரை எழுதியது அதனிடம் இருக்கும். போன பிறகு பலகையில் எழுதுவது அதற்குக் கிடைக்காது. அந்தப் பிள்ளை முன்பு பலகைக்கு வந்து ஏதாவது எழுதியிருந்தால், அது மற்ற முப்பத்தொன்பது நோட்டிலும் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் Exit group என்பதை அழுத்தினாலும், நிர்வாகி அவரை நீக்கினாலும், விளைவு இதேதான். அந்தக் குழு அவருடைய போனில் பட்டியலில் அப்படியே இருக்கும். பழையதை எல்லாம் படிக்கலாம், படங்களைப் பார்க்கலாம், பிறருக்கு அனுப்பலாம். புதிதாக எழுத மட்டும் முடியாது. அவராக அந்தக் குழுவைத் தன் போனிலிருந்து அழித்தால்தான் அவருடைய பிரதி போகும். பிறகு மறுபடி சேர்த்தால், இடையில் நடந்த பேச்சு அவருக்கு வராது. நோட்டில் சில பக்கங்கள் காலியாக இருப்பது போலத்தான். யாராவது தன் போனிலிருந்து எடுத்து அனுப்பினால்தான் உண்டு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, மற்றவர்களுக்கு என்ன தெரிகிறது என்பதில்தான். தானாக விலகினால் அந்த அறிவிப்பு நிர்வாகிகளுக்கு மட்டும் காட்டப்படும். 2022 முதல் இப்படி. அதற்காக யாருக்குமே தெரியாது என்று எண்ண வேண்டாம். குழு விவரத்தில் View past participants என்று ஓர் இடம் இருக்கிறது. கடந்த 60 நாளில் விலகியவர்கள் பெயரை எந்த உறுப்பினரும் அங்கே பார்க்கலாம். நிர்வாகி நீக்கினால், இன்னார் இன்னாரை நீக்கினார் என்ற வரி குழுவிலேயே விழும். எல்லோரும் பார்ப்பார்கள்.

இனி ஒரு வகுப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நான் சமைத்த கணக்கு. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியும் நம் பள்ளிகளில் நடக்கக்கூடியதுதான்.

ஏழாம் வகுப்பு. குழுவில் 45 பேர். சில பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா இருவருமே உறுப்பினர்கள். ஒரு மாணவியின் வீட்டில் தகராறு. அம்மா பிள்ளையை அழைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து பூவிருந்தவல்லியில் தன் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார். எங்கே இருக்கிறோம் என்பது கணவருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார். மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறார். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பாசிரியர் நல்ல எண்ணத்தோடு குழுவில் எழுதுகிறார்: இந்த மாணவி இன்ன பள்ளியில் சேரப் போகிறாள், வாழ்த்துவோம். கூடவே அவள் பரிசு வாங்கிய படம் ஒன்று. பிற்பகல் அம்மா குழுவிலிருந்து விலகிவிடுகிறார். தான் வெளியே வந்துவிட்டோம், அதோடு அங்கே நம்மைப் பற்றி எதுவும் இருக்காது என்பது அவர் எண்ணம்.

அப்பா அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

எத்தனை பிரதிகள் என்று எண்ணுங்கள். விலகிய அம்மாவிடம் ஒன்று, மீதி 44 பேரிடம் 44. அதோடு முடியவில்லை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்கு ஒரு காப்புப் பிரதியைப் போனிலேயே எடுத்து வைக்கிறது. கடைசி ஏழு நாள் கோப்புகள் வரை அங்கே இருக்கும். கூகுள் கணக்கோடு இணைத்தவர்களுக்கு அங்கேயும் ஒரு பிரதி போகிறது. செவ்வாய் விடிவதற்குள் அந்த ஒரு வரி நூறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

செவ்வாய் மாலை அம்மாவுக்கு யாரோ சொல்லி விஷயம் தெரிகிறது. அவரால் என்ன செய்ய முடியும்? எதுவும் முடியாது. அந்தச் செய்தி அவருடையது அல்ல. அது அவரே போட்ட செய்தியாக இருந்தாலும், குழுவை விட்டு வெளியே வந்த பிறகு தன் போனில் மட்டும்தான் அழிக்கலாம். மற்றவர் போனில் அழிக்கும் Delete for everyone உள்ளே இருப்பவருக்குத்தான். ஆகவே விலக நினைக்கும் பெற்றோருக்கு நாம் சொல்ல வேண்டிய முதல் விஷயம், வரிசை முக்கியம் என்பது. முதலில் அழிக்க வேண்டியதை அழியுங்கள், பிறகு விலகுங்கள்.

அம்மா வகுப்பாசிரியருக்குப் போன் செய்கிறார் என்று வைப்போம். செவ்வாய் மாலை என்றால் வழி இருக்கிறது. செய்தியை அனுப்பியவரோ குழுவின் நிர்வாகியோ எல்லோர் போனிலும் அதை அழிக்கலாம். இதற்குக் காலக்கெடு உண்டு: அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள். திங்கள் காலை 10 மணிக்கு அனுப்பியது என்றால் புதன் இரவு 10 மணியோடு கெடு முடிகிறது. வியாழன் காலை பள்ளிக்கு வந்து நேரில் கேட்டால், வகுப்பாசிரியரின் திரையில் அந்த வாய்ப்பே காட்டாது. தன் போனில் மட்டும் அழிக்கும் Delete for me தான் மிஞ்சும். இதை அழுத்திவிட்டு, அழித்துவிட்டேன் அம்மா என்று நாம் சொன்னால், நம் போனில் இல்லை, மற்ற 44 போனிலும் இருக்கிறது.

கெடுவுக்குள் அழித்தாலும் முழுக்கப் போய்விட்டது என்று உறுதி சொல்ல முடியாது. அதற்குள் படித்தவர் படித்ததுதான். வேறு குழுவுக்கு அனுப்பப்பட்ட பிரதி அங்கேயே இருக்கும். திரையைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவும் இருக்கும். ஐபோன் வைத்திருப்பவரின் புகைப்படத் தொகுப்பில் சேர்ந்துவிட்ட படம், செய்தியை அழித்த பிறகும் அங்கே இருக்கக்கூடும். யாராவது ஒருவர் போனில் அழிக்க முடியாமல் போனால் அதை வாட்ஸ்அப் நமக்குச் சொல்வதும் இல்லை.

அப்படியானால் கடைசியாக நிர்வாகி அந்தக் குழுவையே கலைத்துவிட்டால்? எல்லோரையும் நீக்கிவிட்டு, தானும் விலகி, தன் போனிலிருந்து குழுவை அழித்துவிட்டால், புதிதாக யாரும் அதில் எழுத முடியாது. நிர்வாகியின் நோட்டு போயிற்று. மற்ற நோட்டுகள் அப்படியே இருக்கும். குழுவைக் கலைப்பது என்பது பள்ளியை மூடுவது மாதிரி. படித்தவர்கள் வீட்டில் புத்தகங்கள் இருக்கத்தான் செய்யும்.

ஆகவே இந்தக் கணக்கில் பாதுகாப்பு இருந்த ஒரே நேரம் திங்கள் காலை 9.59. அந்த வாழ்த்தை அந்த மாணவியிடமே, அம்மாவின் எண்ணுக்கே, தனியாக அனுப்பியிருந்தால் பிரதி இரண்டுதான். பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, எங்கே குடிபோகிறது, ஏன் போகிறது என்ற மூன்றும் குழுவில் போடத் தேவையே இல்லாத செய்திகள். ஆதார் படம், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், வகுப்பு முழுவதின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். இந்தப் பட்டியலில் பெயர் உள்ள பிள்ளை நாளைக்கே பள்ளி மாறலாம். பட்டியல் மாறாது.

இடையில் டெலிகிராம் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் வினாத்தாள், கையேடு வாங்க அதில் பெரிய பெரிய குழுக்களில் இருக்கிறோம். அங்கே ஏற்பாடு நேர் எதிர். 200 பேரைத் தாண்டிய பெரிய குழு, நோட்டுகள் அல்ல, ஓர் அறையின் சுவரில் ஒட்டிய அறிவிப்புப் பலகை. பலகை அந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. தனியார் குழுவிலிருந்து நீங்கள் விலகினால் அல்லது நீக்கப்பட்டால், கதவு சாத்தப்படுகிறது. பழையதும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் ஒட்டியவை பலகையில் இருக்கும். நாளை புதிதாக வருபவருக்கு அவற்றைக் காட்டுவதா மறைப்பதா என்பதை நிர்வாகி தீர்மானிக்கிறார். உங்களை நீக்கும்போது, நீங்கள் போட்டதை எல்லாம் சேர்த்து நீக்கவும் அவரால் முடியும். கணக்கையே நீங்கள் அழித்தாலும், நீங்கள் எழுதியவை நீக்கப்பட்ட கணக்கு என்ற பெயரில் குழுவில் நிற்கும். வாட்ஸ்அப்பில் நிர்வாகிக்குப் பழையதன் மேல் அதிகாரம் குறைவு. டெலிகிராமில் அதிகாரம் அதிகம். எந்தச் செயலியில் இருக்கிறோம் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். போவது பெற்றோர் மட்டும் அல்ல. பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்தால் நாமும்தான் போகிறோம்.

ஒரு வகுப்பாசிரியர் மூன்று ஆண்டு ஒரு குழுவை நடத்தியிருக்கிறார். எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எந்த வீட்டில் பாட்டிதான் பொறுப்பு, யார் மிதிவண்டி கிடைக்கவில்லை என்று கேட்டார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் இருக்கிறது. மாறுதல் ஆணை வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு விலகுகிறார். இப்போது நடப்பவை மூன்று. ஒன்று, மூன்று ஆண்டுப் பேச்சும் அவருடைய சொந்தப் போனில் வேறு ஊருக்குப் போகிறது. இரண்டு, பதிலுக்கு வருபவர் குழுவில் சேர்ந்தால் அவருக்கு முன்னால் உள்ளது வெற்றுத் திரை. மூன்று, பலருக்குத் தெரியாதது: குழுவில் ஒரே நிர்வாகி அவர்தான் என்றால், அவர் விலகியதும் வாட்ஸ்அப் தானாக வேறொரு உறுப்பினரை நிர்வாகி ஆக்கிவிடும். அது யாராகவும் இருக்கலாம். பள்ளியின் பெயரும் சின்னமும் உள்ள குழு, பள்ளிக்குத் தொடர்பே இல்லாத ஒருவர் கைக்குப் போகலாம்.

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். விலகுவதற்கு முன் தலைமை ஆசிரியரையும் அடுத்து வருபவரையும் நிர்வாகி ஆக்குகிறேன். குழுவில் சேரும் இணைப்பைப் புதிதாக மாற்றச் சொல்கிறேன். பழைய இணைப்பு எத்தனை பேரிடம் சுற்றுகிறதோ தெரியாது. பிள்ளைகளைப் பற்றி அடுத்தவர் கட்டாயம் அறிய வேண்டியதை மட்டும் காகிதத்தில் எழுதி, தலைமை ஆசிரியர் வழியாகக் கொடுக்கிறேன். Export chat செய்து மொத்தப் பேச்சையும் அனுப்புவதில்லை. அதில் எல்லாப் பெற்றோரின் பெயர், எண், வீட்டுக் கதை எல்லாம் சேர்ந்து போகும். அடுத்தவருக்குத் தேவை அதில் பத்து வரி. பிறகு விலகி, குழுவை என் போனிலிருந்து படங்களோடு அழிக்கிறேன். போனில் உள்ள பழைய காப்புக் கோப்புகள் உதிர ஒரு வாரம் ஆகும். கூகுள் கணக்கில் அடுத்த காப்பு எடுத்ததும் பழையது மேலெழுதப்படும். கைகளில் உள்ள பிரதிகளில் ஒன்றாவது குறைந்தது என்ற கணக்குதான்.

ஆனால் அழிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. குழுவில் ஒரு பிள்ளையைப் பற்றி இழிவாக யாரோ எழுதினார்கள், ஒரு பெற்றோர் மிரட்டப்பட்டார், அல்லது ஒரு ஆசிரியர் மேல் புகார் வந்தது என்று வையுங்கள். அப்போது சில இடங்களில் நடப்பது என்ன? புகார் சொன்னவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவது. கேள்வி கண்ணில் படவில்லை, பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது. நீக்கப்பட்டவரிடம் அந்த நிமிடம் வரை நடந்த மொத்தமும் இருக்கிறது என்பதை இப்போது நாம் பார்த்தோம். அவரை நீக்கிய வரியே அவருடைய போனில் கடைசிப் பதிவாக, நாள், நேரத்தோடு இருக்கும். நிர்வாகி ஒரு செய்தியை அழித்தால், நிர்வாகி அழித்தார் என்ற குறிப்பும் அந்த இடத்தில் நிற்கும்.

அவர் நம்மிடம் வந்து, சார், என்னை எடுத்துவிட்டார்கள், என்னிடம் ஆதாரம் இல்லை என்று சொன்னால், நாம் சொல்ல வேண்டியது: இருக்கிறது, உங்கள் போனில்தான் இருக்கிறது, குழுவை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றாதீர்கள். திரைப்படம் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் போனே முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட அதற்கான சான்றும் வேண்டும். அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று அதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098க்கும், பள்ளி சார்ந்த புகார் என்றால் 14417க்கும் சொல்லலாம் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

கூட்டத்துக்கு முன் ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார்: ஐந்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகளின் பெற்றோர் குழு இன்னும் கிடக்கிறது, என்ன செய்வது? பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்களா என்று உறுதி செய்யும் வரை வைத்திருங்கள். அதன் பிறகு, யாருக்காவது வேண்டிய சான்றோ படமோ இருந்தால் எடுத்துக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். தங்கள் போனில் உள்ள மற்ற பிள்ளைகளின் படங்களை அழித்துவிடுமாறு கேட்டு ஒரு செய்தி போடுங்கள். பிறகு குழுவைக் கலையுங்கள். அந்த 40 போன்களும் நம் கட்டுப்பாட்டில் இல்லை. கேட்டால் பாதிப் பேராவது செய்வார்கள். குழுவைக் கலைத்த பிறகு கேட்க நமக்கு இடமே இருக்காது.